இரண்டு மணிச் சுடுதண்ணி

பூரணிக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள், எழுதுவாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கந்தப்பளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டப் பங்களாவில் நான் சமையல்காரனாக இருந்த ஒன்பது வருடத்தில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அலுவலக அறையில் கணினித் தட்டச்சு படபடவென்று கேட்டால், யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அவள் பிறந்தது உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில். ஆங்கிலம் கற்றுக் கொடுத்தது குணபூசணி டீச்சர் என்ற யாழ்ப்பாணத்து அம்மா. பிரம்படியோடு கற்றுக் கொடுத்தாராம். உயர்தரம் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நாளில் பூரணி செய்த தொழில் ஒன்று உண்டு. தோட்டத்தில் யாரையாவது வேலையிலிருந்து நிறுத்தி, தோட்டத்தை நடத்தும் துரை விளக்கம் கேட்டால், அந்த விளக்கக் கடிதத்தை எழுதிக் கொடுப்பது இவள்தான். கொழுந்தில் தண்ணீர் ஊற்றி நிறையைக் கூட்டினாள் என்பார்கள், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கை எதிர்த்துப் பேசினான் என்பார்கள். பூரணி எழுதினால் பத்தில் ஏழு பேருக்கு வேலை திரும்பக் கிடைக்கும். அந்தக் கை ராசியைக் கேள்விப்பட்டுத்தான் பைஸர் முதலாளி அவளைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். நுவரெலியாவில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த மனிதர் அவர். தோட்டக் கம்பனியிடம் பழைய துரை பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, ஆறு அறைகளில் விருந்தாளிகளைத் தங்க வைத்தார்.

முன்பதிவுக் கடிதமெல்லாம் பூரணி எழுதுவாள். 'ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள். காலையில் பனி சன்னலுக்குள் வரும், பயப்பட வேண்டாம். அட்டை கடித்தால் எங்களிடம் உப்பு இருக்கிறது' என்று எழுதுவாள். வெள்ளைக்காரர்கள் அந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, எழுதிய பெண் யார் என்று கேட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஆனால் இணையத்தில் விருந்தாளிகள் எழுதும் கருத்துகளுக்குப் பதில் போடுவது மட்டும் அவள் வேலை இல்லை. அதை முதலாளியின் மகள் இஷ்ரா செய்தாள். செய்தாள் என்று சொல்வதே அதிகம். எங்கோ ஒரு பெரிய ஹோட்டல் போட்டிருந்த பதிலை அப்படியே எடுத்து, எல்லோருக்கும் ஒட்டினாள். நாய் குரைத்ததில் தூக்கமில்லை என்றவனுக்கும் 'தங்கள் பெறுமதிமிக்க கருத்துக்கு நன்றி'. போர்வை ஈரம் என்றவளுக்கும் அதே நன்றி. என் சூப் தண்ணீர் போல் இருந்தது என்று ஒருவன் எழுதினான். எனக்கு வந்த ஆத்திரத்தில், நாக்கில்லாதவன் என்று எழுதச் சொல்லிப் பூரணியிடம் போய் நின்றேன்.

"அண்ணே, அன்னிக்கு ஆறு பேருக்கு வச்ச சூப்ப பத்துப் பேருக்கு நீட்டினீங்களா இல்லையா?" என்றாள்.

நீட்டினேன். வாயை மூடிக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டேன்.

இது நடந்தது யுத்தம் முடிந்த வருடம். நாடு முழுக்க ஹோட்டல்காரர்கள் விருந்தாளியை எதிர்பார்த்து வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த நேரம். கொழும்பில் சுற்றுலா நிறுவனம் நடத்திய பேரின்பநாயகம் என்பவர், டிசம்பர் முதல் மார்ச் வரை ஜெர்மன்காரர்களை வாராவாரம் எங்களிடம் அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அது கிடைத்தால் பங்களா தலை நிமிரும். கிடைக்காவிட்டால் குத்தகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று முதலாளி எங்கள் காதுபடவே சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு திங்கட்கிழமை அந்தக் கருத்து வந்தது. ஐந்துக்கு ஒரு புள்ளி. எழுதியவர் முந்தின வாரம் மனைவியோடு வந்து போன ஆங்கிலேயர். பூரணி எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். மழையில் தொப்பலாக நனைந்து இரண்டு மணிக்கு வந்தோம். சுடுதண்ணி வருமா என்று அறையைப் பார்த்துக்கொள்ளும் வயதான பெண்ணிடம் மூன்று தடவை கேட்டோம். மூன்று தடவையும் 'எஸ் சேர், கமிங்' என்றாள். வந்தது ஐந்து மணிக்கு. என் மனைவிக்குக் காய்ச்சல். சுடுதண்ணி இல்லாததை மன்னிப்போம். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வதை மன்னிக்க முடியாது.

அந்த வயதான பெண் காளியாயி அக்கா. பதினான்கு வயதில் பங்களா வேலைக்கு வந்தவள். அப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு. புருஷன் இல்லை. பங்களாவின் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவளுக்கு வீடு. வேலை போனால் அறையும் போகும்.

முதலாளி செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். முதலில் அந்தக் கருத்தை நீக்கச் சொல்லி இணையத்தளத்துக்கு எழுத வைத்தார். தங்கியவர் தன் அனுபவத்தை எழுதியிருக்கிறார், அதை எடுக்க மாட்டோம், வேண்டுமென்றால் கீழே பதில் எழுதுங்கள் என்று மறுமொழி வந்தது. அதற்குள் பேரின்பநாயகமும் தொலைபேசியில் வந்தார். முதலாளி எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். அது பிழையாகப் போனது.

"கூடாத கருத்து எல்லாருக்கும்தான் வரும் பைஸர். அது எனக்குப் பெரிய விசயமில்லை. நான் பாக்கிறது நீங்கள் போடுற பதிலை. ஏழு பேருக்கு ஒரே பதில். அதிலயும் 'எங்கள் கடற்கரைக்கு மீண்டும் வாருங்கள்' எண்டு கிடக்கு. கந்தப்பளையில எங்க ஐயா கடற்கரை?"

இஷ்ரா எடுத்த பதில் ஏதோ கடலோர ஹோட்டலுடையது. எனக்குச் சிரிப்பு வந்தது. முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் அது தொண்டைக்குள்ளேயே செத்தது.

"அங்க ஆக்கள் இருக்கினமோ எண்டு எனக்குச் சந்தேகமாக் கிடக்கு. சனிக்கிழமை முடிவு சொல்லுறன்" என்று பேரின்பநாயகம் வைத்துவிட்டார்.

முதலாளி கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"பூரணி, நீ எழுது. பொய் சொன்ன வேலைக்காரிய நிப்பாட்டிட்டோம்னு எழுது. அப்ப நம்புவாங்க."

"நிப்பாட்டலயே மொதலாளி."

"நிப்பாட்டிட்டா உண்மையாப் போகும்தானே?"

காளியாயி அக்கா அப்போது வெளியே வராந்தாவில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் நேரம் குடுங்க. வேற மாதிரி எழுதிப் பாக்கிறேன். கொழும்பு ஐயா வேணாம்னா அப்புறம் நீங்க சொல்றபடி செய்யலாம்" என்றாள் பூரணி.

"அவர் வேணாம்னு சொன்னா காளியாயி போகணும். அதுக்கப்புறம் நீ ஒண்டும் பேசக்கூடாது."

"பேச மாட்டேங்க."

அன்று முழுக்கத் தட்டச்சு படபடத்தது. மாலையில் தேநீர் கொண்டு போனபோது எழுதியதை வாசித்துக் காட்டினாள். அறைக் கதவின் பின்னால் சுடுதண்ணி நேரம் எழுதி ஒட்டியிருந்தது என்பதில் தொடங்கியது. விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்தார்கள். அன்று விறகு நனைந்திருந்தது. அந்தப் பணியாளர் நாற்பத்து நான்கு வருடம் குற்றமில்லாமல் வேலை பார்த்தவர். முதலாளி சொன்ன இன்னொன்றும் உள்ளே இருந்தது. அந்த ஆங்கிலேயர் இரவு சாராயம் குடித்துக் கண்ணாடிக் குவளையை உடைத்தாராம்.

எனக்குப் பிடித்திருந்தது. சரியான அடி என்றேன்.

அவள் தன் கடிதத்தையே வெறித்துப் பார்த்தாள். "அண்ணே, இது வெளக்கக் கடிதம். தொரைக்கு எழுதுற மாதிரியே எழுதியிருக்கேன்."

"அதுல என்னா பிழை?"

"அங்க தொரை ஒருத்தரு படிச்சு, குத்தமா இல்லையான்னு தீர்ப்பு சொல்வாரு. அதனால ஒவ்வொண்ணுக்கும் மறுப்பு சொல்லணும். இங்க யாரு தீர்ப்பு சொல்றது? அந்த வெள்ளக்காரரு திரும்ப வரப்போறதில்ல. இதப் படிக்கிறது இனிமே வரலாமான்னு யோசிக்கிறவங்க. அவங்க வீட்டுல ஒக்காந்துகிட்டு, நாளைக்கி நமக்கு ஒண்ணுன்னா இவங்க இப்பிடித்தான் நம்ம மேல பாய்வாங்கன்னு நெனப்பாங்க. குடிச்சது, ஒடைச்சது எல்லாம் ஊருக்குச் சொல்ற வீட்டுல யாரு அண்ணே வந்து தங்குவாங்க?"

முழுவதையும் அழித்தாள். நாள் ஓடிக்கொண்டிருந்தது. பதிலை எழுதி அனுப்பினாலும் உடனே வராது. இணையத்தளக்காரர்கள் பார்த்து ஒப்புக்கொண்டு வெளியிட ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். வெளியான பிறகு ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் முழுவதையும் நீக்கிவிட்டுப் புதிதாக அனுப்பி மறுபடி காத்திருக்க வேண்டும். இதெல்லாம் பூரணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை அவள் எழுதவில்லை. சமையலறைக்கு வந்து காளியாயி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சின்னம்மா, அன்னிக்கு என்னாதான் நடந்துச்சு? எதையும் மறைக்காம சொல்லுங்க."

அக்கா முந்தானையை முறுக்கினாள். "கேட்டாங்க. வரும்ங்கன்னேன்."

"அந்நேரம் வராதுன்னு தெரியும்ல?"

"தெரியும். ஓடிப் போயி அடுப்பப் பத்த வச்சேன். வெறகு ஈரம். மறுபடி கேட்டாங்க. வருதுங்கன்னேன்."

"இல்லன்னு சொல்லியிருக்கலாமே?"

அக்கா பூரணியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பைத்தியக்காரியைப் பார்ப்பது போல. "தொரைமாருகிட்ட இல்லன்னு சொல்றதா? நான் வந்த புதுசுல, பாலு இல்லீங்கன்னு ஒருவாட்டி சொன்னேன். அப்ப இருந்த பெரிய அப்பு செவுட்டுல அறைஞ்சு சொன்னாரு. முன்னறையில தூங்குறவங்ககிட்ட இல்லங்கிற சொல்லே கெடையாது, வரும்ங்கன்னு சொல்லிட்டு ஓடணும்னு. அன்னிலேருந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

பங்களாவில் சமையல்காரனை அப்பு என்பார்கள். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு முன்னால் இருந்த ஏதோ ஓர் அப்பு அறைந்த அறைக்கு நான் வெட்கப்பட்டேன். நான் மட்டும் என்ன, அதே 'வரும்ங்க'வை ஆயிரம் தடவை சொன்னவன்தானே. எங்கள் ஆட்கள் யாருக்கும் அது பொய் என்று தோன்றியதே இல்லை. மரியாதை என்றுதான் நினைத்தோம்.

பூரணி எழுந்து போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து வாசித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை எங்களுக்காகத் தமிழில் சொன்னாள்.

'மழையில் நனைந்து வந்தீர்கள். சூடான குளியலுக்குப் பதிலாக மூன்று மணி நேரம் குளிர் கிடைத்தது. உங்கள் மனைவிக்குக் காய்ச்சலும் வந்தது. வருந்துகிறோம். எங்கள் தண்ணீர் விறகில் காய்கிறது. மாலை ஐந்து மணிக்கு முன் அது சூடாகாது. இதை முன்பதிவுக் கடிதத்தில் சொல்லியிருக்க வேண்டும். அட்டைக்கு உப்பு இருக்கிறது என்று எழுதத் தெரிந்த எனக்கு, இதை எழுதத் தோன்றவில்லை. மூன்று தடவை கேட்டீர்கள், மூன்று தடவையும் வரும் என்றோம். விருந்தாளியிடம் இல்லை என்று சொல்லக்கூடாது என்பது இந்த வீடு தன் ஆட்களுக்குப் பழக்கிய பழக்கம். குற்றம் பழக்கியவர்களுடையது. இப்போது நேரத்தைக் கடிதத்தில் எழுதிவிட்டோம். அதற்கு முன் வருகிறவர்களுக்குச் சமையலறை அடுப்பிலிருந்து இரண்டு வாளி சுடுதண்ணி வரும். இல்லாததை இல்லை என்று சொல்லலாம் என்று இங்கே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம். இதற்கு மேலும் ஏதாவது சொல்ல விரும்பினால் எனக்கே எழுதுங்கள். பூரணி, பங்களா அலுவலகம்.'

அவ்வளவுதான். அவள் கடிதங்களில் இருக்கும் அதே குரல். ஹோட்டல் பேசவில்லை, பூரணி பேசினாள். எனக்குக் கண் கலங்கியது. அக்கா மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"எல்லாருக்கும் சொல்லியிருக்கோம்னு எழுதியிருக்கியே, எனக்கு யாரு சொன்னா?"

பூரணிக்கு முகம் வெளுத்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே முதலாளியிடம் போனாள். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

முதலாளி இரண்டு தடவை படித்தார். "பழக்கியவர்கள் குற்றம்னா யாரு? நானா?"

"நம்ம எல்லாரும்ங்க."

"எங்கட பிழைய நாங்களே ஊருக்குச் சொல்றதா? கடையில சாமான் சரியில்லண்டு போர்டு மாட்டுவானா ஒருத்தன்?"

"சாமான் சரியில்லன்னு ஊருக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருச்சு மொதலாளி. மாத்திக் குடுக்கிற கடையா இல்லையான்னுதான் இப்ப பாக்கிறாங்க."

ஹாட்வெயார்க்காரருக்கு அது உறைத்தது. "சரி, அனுப்பு" என்றார்.

"இப்ப அனுப்ப முடியாதுங்க. எல்லாருக்கும் சொல்லியிருக்கோம்னு கடைசியில இருக்கு. இன்னும் யாரும் சொல்லல. நான் சொன்னா சின்னம்மா நம்பாது. நீங்க வந்து சொல்லணும்."

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் வேலைக்காரியிடம் போய், நீ இல்லை என்று சொல்லலாம் என்று சொல்வது எந்த முதலாளிக்கும் லேசில் வராது. பூரணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேலை போனாலும் பரவாயில்லை என்று தீர்மானித்துவிட்டவளின் நிற்பு அது.

முதலாளி எழுந்து சமையலறைக்கு வந்தார். கதவு நிலையில் நின்றபடி, அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

"காளியாயி, இனிமே விருந்தாளி கேக்கிறது இல்லாட்டி இல்லண்டே சொல்லு. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

"சரிங்க மொதலாளி" என்றாள் அக்கா. எல்லாவற்றுக்கும் சொல்லும் அதே 'சரிங்க'.

அன்று பத்தரை மணிக்குப் பதில் போனது. வியாழன் வரவில்லை. வெள்ளி மாலை நாலு மணிக்குத் திரையில் வந்துவிட்டது. எட்டுப் பேர் எழுதிய குறைகளில் ஒன்றின் கீழே மட்டும் ஒரு மனுஷி பேசியிருந்தாள். பூரணி மற்ற ஏழு பதிலையும் நீக்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் புதிதாக எழுதத் தொடங்கினாள். என் சூப்புக்கும் எழுதினாள். 'அன்று விருந்தாளிகள் அதிகம், சூப் குறைவு. நீட்டியது எங்கள் பிழை' என்று. எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் பொய்யில்லை.

சனிக்கிழமை பகல் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வான் வண்டி ஒன்று நின்றது. அதிலிருந்து பேரின்பநாயகம் இறங்கினார். சொல்லாமல் வந்திருந்தார். குடையில்லை. வழுக்கைத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முதலாளி பதறிப்போய் ஓடினார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு அடித்துப் பத்து நிமிடம்.

அவர் முதலாளியின் கையைக் குலுக்கிவிட்டு, தேநீர் வேண்டாம் என்றார். துவாயோடு வந்து நின்ற காளியாயி அக்காவைப் பார்த்தார்.

"அம்மா, சரியாக் குளிருது. குளிக்கச் சுடுதண்ணி வருமோ?"

வேண்டுமென்றே கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பதிலைப் படித்திருக்கிறார். அது எழுத்து மட்டும்தானா என்று பார்க்க வந்திருக்கிறார்.

அக்கா வாயைத் திறந்தாள். நாற்பத்து நான்கு வருடமாக அந்த வாயில் ஒரே பதில்தான் இருந்தது. அது உதட்டு வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். "வ..." என்று தொடங்கியும்விட்டாள். பூரணி அலுவலகக் கதவில் நின்றாள். கண்ணால்கூட ஜாடை காட்டவில்லை. காட்டினால் எழுதியது பொய்யாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். முதலாளி தரையைப் பார்த்தார்.

அக்கா துவாயை அவரிடம் நீட்டினாள்.

"இப்ப இல்லீங்க ஐயா" என்றாள். குரல் பாதி வெளியே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "அஞ்சு மணிக்குத்தாங்க வரும். இப்ப வேணும்னா அடுப்புல ரெண்டு வாளி காய வச்சுத் தாறேன். கால் மணி நேரம் ஆகும்ங்க."

பேரின்பநாயகம் தலையாட்டினார். "அது போதும் அம்மா." பிறகு முதலாளியின் பக்கம் திரும்பி, டிசம்பர் முதல் வாரத்துக்கு நான்கு அறை வேண்டும் என்று சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார்.

நான் சமையலறைக்கு ஓடினேன். அக்கா எனக்கு முன்னால் வந்து அடுப்பில் கேத்தலைத் தூக்கி வைத்திருந்தாள். முகம் முழுக்க வேர்வை. பின்னாலேயே பூரணி வந்தாள். அக்கா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிப்புட்டேன் பூரணி. மொதலாளி முன்னாடியே இல்லன்னு சொல்லிப்புட்டேன். வேல போயிருச்சா?"